மூணு மணிக்கு ஈ ஓட்டும் கடையில் மூணு மணிக் கட்டம் ஏன் கருஞ்சிவப்பு?

ஏற்காடு மலையடிவாரத்தில், இருபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் பெரியம்மா மகன் ஒரு ஓட்டல் நடத்துகிறார். காலையில் டிபன், மதியம் சாப்பாடு, ராத்திரி மறுபடி டிபனும் பரோட்டாவும். எழுபத்திரண்டு பேர் உட்காரலாம். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ரோட்டில் திங்கள்கிழமை ஓடும் கடையும் ஞாயிற்றுக்கிழமை ஓடும் கடையும் ஒரே கடையே இல்லை. வார நாளில் உள்ளூர் ஆட்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள், ஸ்கூல் வேன் டிரைவர்கள். சனி ஞாயிறில் ஈரோடு, நாமக்கல், பெங்களூரு வண்டிகள்.

அண்ணனுக்கு இரண்டு கேள்விகள் இருந்தன. மதியம் மூன்றரையிலிருந்து ஆறு வரை கடையை மூடிவிடலாமா? ஞாயிறு காலைக்கு மட்டும் இன்னொரு தோசை மாஸ்டர் போடலாமா? பில்லிங் மெஷினில் எல்லாம் இருக்கிறது, ஆனால் அது தினசரி மொத்தம் தவிர உருப்படியாக எதையும் காட்டாது. பில் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் அதை எடுத்து, கிழமை ஒரு பக்கம், மணி ஒரு பக்கம் வைத்து பிவட் டேபிள் போட்டு, கலர் ஸ்கேல் கொடுத்து, எண்ணுக்கு ஏற்ப கட்டத்தின் நிறம் மாறுகிற, பார்க்க அழகான ஒரு ஹீட் மேப் செய்திருந்தான். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு கேட்ட முதல் கேள்வி: "இந்தச் சிவப்பெல்லாம் நஷ்டமா தம்பி?"

சிவப்பு என்றால் விற்பனை அதிகம் என்று பையன் வைத்திருந்தான். கணக்குப் புத்தகம் பார்த்தே வளர்ந்த ஆளுக்குச் சிவப்பு என்றால் குறை. எக்செலில் தயாராக இருக்கும் பச்சை–மஞ்சள்–சிவப்பு வரிசையில் முதலாவதாக வருவது பெரிய எண்ணுக்குத்தான் பச்சை கொடுக்கும். அடுத்தது அப்படியே தலைகீழ். வீட்டுக்கு வீடு ஒரு அர்த்தம். அதைவிடப் பெரிய சிக்கல், இந்தத் தாளை கறுப்பு வெள்ளை பிரிண்டரில் எடுத்து சமையல்கட்டு சுவரில் ஒட்டினால், நல்ல பச்சையும் நல்ல சிவப்பும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடும், நடுவில் இருக்கும் மஞ்சள் மட்டும் வெளிறித் தெரியும். சிவப்பு பச்சை பிரித்தறியச் சிரமப்படுகிறவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள் என்பது வேறு. அதனால் நான் எப்போதும் வெள்ளையில் தொடங்கி ஒரே நிறத்தில் கரும்பச்சை வரை போவேன், இல்லையென்றால் கருநீலம். அடர்த்தி கூடினால் விற்பனை கூடுது, அவ்வளவுதான். யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

ஆனால் நிறம் மாற்றிய பிறகும் மேப் பொய்தான் சொன்னது. வார நாட்களில் மதியம் மூன்று மணிக் கட்டங்கள் எல்லாம் காலை எட்டு மணிக் கட்டங்களைவிட அடர்த்தியாக இருந்தன. "மூணு மணிக்கு நாங்க ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம், எட்டு மணிக்கு இடம் இல்லாம நிக்கறாங்க, என்னடா இது?" என்று அண்ணன் தன் மகனைக் கேட்டார். பையன், "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுதுப்பா" என்றான்.

கம்ப்யூட்டர் மேல் தப்பில்லை. பிவட்டில் தொகையை AVERAGE என்று வைத்தால் அது ஒரு பில்லின் சராசரியைத்தான் தரும். ஒரு மணி நேரத்தின் சராசரி விற்பனையை அல்ல. புதன்கிழமை எட்டு மணிக்கு நாற்பத்தேழு பில். ரெண்டு இட்லி ஒரு வடை, ஒரு பொங்கல் ஒரு காபி என்று ஒவ்வொன்றும் சராசரியாக 110 ரூபாய். மொத்தம் கிட்டத்தட்ட 5,200. மூன்று மணிக்கு நாலே பில், ஆனால் தாமதமாகச் சாப்பிட வந்த குடும்பங்கள், ஒவ்வொன்றும் 275 ரூபாய். மொத்தம் 1,100. பில்லின் சராசரியைப் பார்த்தால் மூன்று மணி ஜெயித்துவிடும். (அண்ணன் கேட்டுக்கொண்டதால் எண்களை எல்லாம் கொஞ்சம் மாற்றி, முழுதாக்கித்தான் எழுதுகிறேன், விகிதங்கள் அப்படியே.)

அப்போ SUM வைத்துவிடலாமே என்றால், அதிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. நாங்கள் எடுத்தது 2024 ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. அந்த 92 நாளில் சனிக்கிழமை பதினாலு, மற்ற கிழமைகள் பதிமூன்று. ஒரு சனிக்கிழமை ஓசியில் கிடைக்கிறது. கூடவே கடைக்கு லீவு விட்ட நாள் இருந்தால் அந்தக் கிழமை பாவம். வேண்டியது என்னவென்றால், அந்தக் கிழமையின் அந்த மணியில் வந்த மொத்தத்தை, அந்தக் கிழமையில் கடை எத்தனை நாள் திறந்திருந்ததோ அதனால் வகுத்தது. இதைப் பிவட்டுக்குள் செய்வது தலைவலி, கூகுள் ஷீட்ஸில் ஒரு சூத்திரம் போதும். பில் தாளின் பெயர் bills. A-யில் தேதியும் நேரமும், C-யில் தொகை. D, E, F மூன்றையும் நாமே சேர்க்கிறோம்:

```
D2: =WEEKDAY(A2,2)
E2: =HOUR(A2)
F2: =INT(A2)
```

இன்னொரு தாளில் மேலே 1 முதல் 7 வரை (திங்கள் 1, ஞாயிறு 7), இடது பக்கம் 6 முதல் 22 வரை மணி. முதல் கட்டத்தில் இதைப் போட்டு மற்ற கட்டங்களுக்கு இழுத்துவிட வேண்டும்:

```
=SUMIFS(bills!$C:$C, bills!$D:$D, B$1, bills!$E:$E, $A2)
 / COUNTUNIQUEIFS(bills!$F:$F, bills!$D:$D, B$1)
```

வகுக்கும் எண்ணில் மணியைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சேர்த்தால், மூன்று மணிக்கு ஒரு பில்கூட விழாத நாட்கள் கணக்கிலிருந்து காணாமல் போய், காத்தாடும் நேரம் நல்லா ஓடுவது போலத் தெரியும்.

இதற்கெல்லாம் முன்னால் தேதியைச் சரிபார்த்தே ஆக வேண்டும். பில்லிங் மெஷின் 05-06-2024 என்று நாள்-மாதம்-வருடமாகத் தருகிறது. ஷீட்டின் லொக்கேல், அதாவது எந்த நாட்டு முறை என்ற அமைப்பு, அமெரிக்காவில் நின்றுகொண்டிருந்தால் அது மே 6 ஆகிவிடும், புதன்கிழமை திங்கள்கிழமையாகிவிடும். ஜூன் 9, நல்ல கூட்டமுள்ள ஞாயிறு, செப்டம்பர் 6 வெள்ளியாக உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டுக்கு மேல் தேதி வந்தால் அப்படி ஒரு மாதமே இல்லை என்பதால் அது வெறும் எழுத்தாக நிற்கும், WEEKDAY பிழை காட்டும். பிழை கண்ணுக்கு உறுத்துகிறது என்று யாராவது IFERROR போட்டு மூடினால் முடிந்தது கதை. மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும், மிச்சம் இருப்பதும் கிழமை மாறி இருக்கும். மேப் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல வண்ணம் காட்டும். கண்டுபிடிக்கும் வழி சுலபம். A நெடுவரிசைக்கு MIN, MAX போட்டுத் தேதி வடிவில் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான கோப்பில் ஜனவரியும் டிசம்பரும் எட்டிப் பார்த்தால் நாளும் மாதமும் இடம் மாறிவிட்டன என்று அர்த்தம். கோப்பை உள்ளே கொண்டுவரும் முன்பே File → Settings போய் Locale-ஐ India ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பிறகு மாற்றினால் ஏற்கெனவே தப்பாகப் படித்தது திருந்தாது, மறுபடி இறக்க வேண்டும்.

சரி, இப்போது கணக்கு சரி. Format → Conditional formatting → Color scale. வெள்ளையிலிருந்து கரும்பச்சை. கிடைத்த படம்: ஞாயிறு காலை ஒன்பதும் பத்தும் கன்னங்கரேல் என்று, சனி காலை கொஞ்சம், ஞாயிறு மதியமும் இரவும் கொஞ்சம், மற்றபடி திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே வெளிறல். அதாவது, ஞாயிறு கூட்டம் வரும் என்ற செய்தி. அது அண்ணனுக்குத் தெரியாததா?

கலர் ஸ்கேல் தானாக என்ன செய்கிறது என்றால், மிகச் சின்ன எண்ணுக்கு வெள்ளை, மிகப் பெரிய எண்ணுக்கு முழு அடர்த்தி, நடுவே எல்லாம் நேர்விகிதத்தில். ஞாயிறு ஒன்பது மணி 21,000 ரூபாய். வார நாள் எட்டு மணியின் 5,200 அதில் கால்வாசி அடர்த்தி. சாயங்காலம் ஐந்து மணியின் 2,600 எட்டில் ஒரு பங்கு. மூன்று மணியின் 1,100 இருபதில் ஒரு பங்கு. இந்தக் கடைசி இரண்டுக்கும் விற்பனையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம், ஆனால் கண்ணுக்கு இரண்டும் வெள்ளை. அண்ணனின் முதல் கேள்வியே இந்த இரண்டு கட்டத்துக்கு நடுவில்தான் இருக்கிறது!

அதனால் Maxpoint-ஐ Max value என்பதிலிருந்து Percentile ஆக்கி 90 கொடுத்தேன். ஏழு கிழமை, பதினேழு மணி, மொத்தம் 119 கட்டம். அதில் மேலே இருக்கும் பன்னிரண்டு கட்டங்கள் எல்லாம் ஒரே முழு அடர்த்தி, அதற்குக் கீழே உள்ளவை மட்டும் நிறத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். எங்கள் கணக்கில் அந்தக் கோடு ஏறக்குறைய 8,000-த்தில் விழுந்தது. இப்போது 5,200 மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது, 2,600 மூன்றில் ஒரு பங்கு, 1,100 இன்னும் வெளிறல். வார நாட்களுக்கு உருவம் வந்துவிட்டது. பக்கத்திலேயே Percent என்றொரு தேர்வு இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். அது குறைந்ததற்கும் அதிகத்துக்கும் நடுவே உள்ள தூரத்தில் 90 சதவீதம், அதாவது மறுபடியும் அந்த ஞாயிறு எண்ணிலேயே தொங்கிக்கொண்டிருப்பது. Percentile என்பது வரிசையில் எத்தனையாவது இடம் என்பது. பெயர்தான் ஒன்றுபோல, வேலை வேறு.

இதற்கு ஒரு விலை உண்டு. ஞாயிறு ஒன்பது மணியின் 21,000-மும் சனி மதியத்தின் 9,000-மும் ஒரே கறுப்பு. அதனால் கட்டத்துக்குள் எண்ணை அழிக்கவே கூடாது என்பது என் கட்சி. எண்ணை மறைத்து வெறும் நிறத்தைக் காட்டும் மேப் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும், ஷிப்ட் போட உதவாது. அப்புறம், மொத்தம் போட்ட வரிசையைக் கலர் ஸ்கேலின் எல்லைக்குள் விட்டுவிடாதீர்கள், அது எல்லாரையும் விழுங்கிவிடும்.

உருவம் வந்ததும் இரண்டு விசித்திரங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, திங்கள்கிழமை காலை ஒன்பது மணி 5,000 ரூபாய், செவ்வாய் அதே நேரம் 3,900. திங்கள்கிழமை கூட்டம் அதிகமா என்றால் அண்ணன் இல்லவே இல்லை என்கிறார். பதிமூன்று திங்களையும் தனித்தனியாகப் பார்த்தபோது ஜூன் 17 மட்டும் அந்த ஒரு மணி நேரத்தில் 18,000. பக்ரீத். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் லீவு சேர்ந்து வந்தது, ஊரே மலை ஏறியிருக்கிறது. மற்ற பன்னிரண்டு திங்களும் சராசரி 3,900-தான். ஒரே ஒரு நாள், பதிமூன்று பேருக்கும் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம் ஏற்றிவிட்டது. ஜூலை 17 மொஹரம் புதன்கிழமைக்கும் ஆகஸ்ட் 15 வியாழனுக்கும் இதே கதை. லீவு நாட்களைத் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, அன்றைக்குத்தானே ஆள் அதிகம் வேண்டும். அதனால் லீவு தேதிகளை leave என்ற தனித்தாளில் A நெடுவரிசையில் எழுதி அவற்றுக்கு எட்டாவது கிழமை ஒன்றைக் கொடுத்தேன்:

```
D2: =IF(COUNTIF(leave!A:A, INT(A2))>0, 8, WEEKDAY(A2,2))
```

மேப்பில் எட்டாவது நெடுவரிசை, தலைப்பு 8. வகுக்கும் எண் தானே சரியாகிவிடும். அந்த நெடுவரிசை ஞாயிற்றுக்கிழமையின் தம்பி மாதிரி இருந்தது. மே மாதத்தைச் சேர்க்காமல் ஜூனில் தொடங்கியதும் இதனால்தான். சீசன் கூட்டமும் கோடை விழாவும் சேர்ந்தால் வார நாள் என்று ஒன்றே இருக்காது. டிசம்பரையும் எடுக்கக் கூடாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, அந்த நாட்களின் சராசரியை வைத்து ஆள் போட்டால் கடை சிரிப்பாய்ச் சிரிக்கும்.

இரண்டாவது விசித்திரம், திங்கள் முதல் சனி வரை ராத்திரி பத்து மணிக் கட்டம் நல்ல அடர்த்தி. அடிவாரத்தில் பத்து மணிக்கு யார் வருவார்? இதற்கு SUMIFS இருந்த இடத்தில் COUNTIFS வைத்து, முதலில் நிற்கும் bills!$C:$C-ஐ எடுத்துவிட்டு, பில் எண்ணிக்கைக்கு இன்னொரு மேப் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பதில் தெரிந்துவிடும்: விற்பனை மேப்பில் பத்து மணி அடர்த்தி, எண்ணிக்கை மேப்பில் வெள்ளை. ஒன்றிரண்டு பெரிய பில். கல்லாவில் இருப்பவரைக் கேட்டதில், பக்கத்துக் கட்டட வேலைக்கு தினமும் மதியம் நாற்பது சாப்பாடு பார்சல் போகிறது, மாதக் கணக்கு, நோட்டில் எழுதி வைத்துக் கடை கட்டும்போது மொத்தமாக ஒரே பில்லாக அடிக்கிறார்கள். சோறு வெந்தது பதினோரு மணிக்கு, பில் விழுந்தது பத்து மணிக்கு. அதை பன்னிரண்டு மணிக்கு நகர்த்தினோம். விற்பனை மேப் மட்டும் வைத்திருந்தால் ராத்திரி ஒரு சப்ளையரைக் கூடுதலாக நிறுத்தியிருப்பார்கள்.

பில் நேரம் என்பது சாப்பிட்ட நேரம் அல்ல என்ற விஷயம் இதிலிருந்துதான் வந்தது. டோக்கன் வாங்கிச் சாப்பிடும் கடையில் பில் முன்னால், இங்கே சாப்பிட்டு எழுந்த பிறகு. மூன்று மணிக் கட்டத்தின் 1,100-ஐ அரை மணி அரை மணியாகப் பிரித்தால் 900 ரூபாய் மூன்றிலிருந்து மூன்றரைக்குள். அவர்கள் எல்லாம் இரண்டரைக்கு உட்கார்ந்தவர்கள். அப்படியானால் சமையல்கட்டுக்கு மந்தம் மூன்றரைக்கு அல்ல, மூன்றுக்கே தொடங்குகிறது. அதேபோல ஐந்து மணிக் கட்டத்தின் 2,600 நாலே முக்காலிலிருந்தே வேலை கேட்கிறது. (சாயங்காலம் சேலத்துக்காரன் தட்டுவடை செட்டைத் தேடுவானே தவிர ஓட்டலில் வந்து உட்கார மாட்டான் என்று நினைத்திருந்தேன். டீ, வடை, பார்சல் என்று ஓடுகிறது.) அண்ணன் நினைத்த மூன்றரை–ஆறு சரியில்லை, மூன்று–ஐந்து சரி. அதுவும் திங்கள் முதல் வியாழன் வரை மட்டும். வெள்ளிக்கிழமை நாலு மணியிலிருந்தே மலை ஏறும் வண்டிகள் நிற்கின்றன. கடையை மூடவில்லை. டீ மாஸ்டரும் ஒரு சப்ளையரும் இருக்க, மற்றவர்களின் ஓய்வு நேரம் அந்த இரண்டு மணிக்கு மாறிவிட்டது.

ஞாயிறு காலைக்கு வருகிறேன். ஒன்பது மணி 21,000, பத்து மணி 20,600. இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. தனித்தனி ஞாயிறுகளை எடுத்துப் பார்த்தாலும் 20,000-க்குக் கீழே அபூர்வம், 22,000-ஐத் தாண்டியதே இல்லை. மழை பெய்த ஞாயிறும் வெயில் அடித்த ஞாயிறும், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் ஞாயிறும் எல்லாம் ஒன்று. கூட்டம் அப்படி அளந்து வராது. எழுபத்திரண்டு இருக்கை, குடும்பமாக வந்தால் ஒரு பந்தி முடிய நாற்பது நிமிஷம், மணிக்கு நூற்றெட்டு பேர், ஆளுக்கு 195 ரூபாய் என்று போட்டால் 21,060 வருகிறது. அதாவது அந்தக் கட்டம் எத்தனை பேர் பசியோடு வந்தார்கள் என்பதைக் காட்டவில்லை, எத்தனை நாற்காலி இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இடம் இல்லை என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவருக்கு பில் கிடையாது, மேப்பிலும் இடம் கிடையாது. என்ன நிறம் கொடுத்தாலும் அது வெளியே வராது.

அங்கே இன்னொரு தோசை மாஸ்டர் எதற்கு? கல்லில் தோசை தேங்கவில்லை, வாசலில் ஆள் தேங்குகிறார்கள். உட்கார்ந்ததிலிருந்து எழும் வரை எங்கே நேரம் போகிறது என்று ஒரு ஞாயிறு அண்ணன் மகனை வாட்சோடு நிறுத்தினோம். தோசை வர ஏழெட்டு நிமிஷம், அது பரவாயில்லை. சாப்பிட்டு முடித்து பில் வர ஆறு நிமிஷம், எழுந்த பிறகு இலை எடுத்து மேஜை துடைக்க நாலு நிமிஷம். இந்தப் பத்தில் பாதியைக் குறைத்தால்கூட நாற்பது முப்பத்தைந்தாகும், மணிக்கு நூற்றெட்டு நூற்று இருபத்து மூன்றாகும், கிட்டத்தட்ட மூவாயிரம் ரூபாய். மாஸ்டர் சம்பளத்துக்கு ஒரு கிளீனரும், கையில் வைத்து பில் அடிக்கும் சின்ன மெஷின் ஒன்றும் வரும்.

அண்ணன் கிளீனருக்கு உடனே சரி என்றார். மெஷின் விஷயத்தில் இன்னும் யோசனையில் இருக்கிறார், சப்ளையர் கையில் கல்லாவைக் கொடுப்பதா என்று. வாசலில் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறோம். திரும்பிப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு, அரை மணிக்கு ஒரு வரி. அதை அண்ணன் மகன் அதே ஷீட்டில் மூன்றாவது மேப்பாகப் போட்டுக்கொண்டிருக்கிறான், இந்த முறை AVERAGE பக்கமே போகாமல்.